ஒரே சேதி, இரண்டு தரம்

அமெரிக்கத் தமிழ்ச் சங்க விழாக்களில் தமிழில் ஒன்றைச் சொல்லி, உடனே அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, தெரியவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒரே சேதியை இரண்டு தரம் கேட்கிறார். ஒன்று மட்டும் தெரிந்தவர் தன் முறை வரும்வரை கைபேசியைத் தடவுகிறார். பிறகு நேரம் போதவில்லை என்பார்கள். வெட்டு விழுவது தமிழுக்குத்தான். முதலில் ஒரு வணக்கம், கடைசியில் ஒரு நன்றி, அவ்வளவே மிஞ்சும்.

தொகுப்புரை எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் என் சண்டை இதுதான்: இரண்டு மொழிக்கும் வெவ்வேறு வேலை கொடுங்கள்.

எங்கள் பொங்கல் விழாவில் பிள்ளைகளின் பரதநாட்டியத்துக்குப் பிறகு வில்லுப்பாட்டு. ஆடியவர்கள் இறங்கி, வில்லும் குடமும் வந்து, ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து, மைக்குகளை அவர்கள் வாய் உயரத்துக்கு இறக்க ஒத்திகையில் மூன்று நிமிடம் பிடித்தது. அப்படியானால் இணைப்புரையும் மூன்று நிமிடம். "இதோ உங்கள் முன்னே" என்று நாற்பது விநாடியில் முடித்தால், மிச்ச நேரம் அரங்கம் ஸ்டாண்டு திருகுவதைத்தான் வேடிக்கை பார்க்கும்.

ஆங்கிலம் பேசும் பையன் வில்லைப் பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறான்: வில்லில் மணி கட்டியிருக்கும், நாணை வீசுகோலால் அடிப்பார்கள், பக்கத்தில் ஒருவர் குடத்தைத் தட்டுவார், கவனியுங்கள். தமிழ் பேசும் பெண் பெரியவர்கள் பக்கம் திரும்புகிறாள்: "நாகர்கோவில் பக்கம் கோயில் கொடையில கேட்டிருப்பீங்க. பாடுறவர் ஒண்ணு சொன்னா கூட இருக்கறவங்க 'ஆமா'ம்பாங்க. இன்னிக்கு அது உங்க வேலை. எங்க, ஒரு தடவை?" பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் "இருகரம் கூப்பி வரவேற்பதில் பேருவகை" என்று எழுதிக் கொடுக்கிற பாவத்தை நான் செய்வதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் திக்கித்திக்கிப் படிப்பாள், பாவம்.

அந்த 'ஆமா'வுக்கு இன்னொரு பயன் உண்டு. மேடை தயாராகவில்லையா, "பின் வரிசை கேக்கலியே" என்று இன்னொரு தரம் சொல்ல வைக்கலாம். ரப்பர் மாதிரி இழுபடும். மேடைப் பொறுப்பாளர் ஓரத்திலிருந்து டார்ச் காட்டியதும் கடைசி வரி: "ஆரம்பிக்கலாமா?" அதற்கு மைக் திறக்க வேண்டும், விளக்கு ஏற வேண்டும்.

ஒலிக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே கடைசி வரியாவது ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்றார்கள். எதற்கு? அவர் பிரதியில் அந்த ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒத்திகையில் இரண்டு முறை காதில் போட்டால் போதும். அதே சொல் அந்த இணைப்புரையில் முன்னால் எங்கேயும் வரக்கூடாது. வந்தால் குடம் வைக்கும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

சாப்பாடு எந்தப் பக்கம், யாருடைய கார் வழியை மறிக்கிறது, இதையெல்லாம் தாராளமாக இரண்டு மொழியிலும் சொல்லுங்கள்.