தொட்டி ஓரத்துப் பலகை யாருக்கு?

ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி அருகே பார்த்த பலகை: 'வரையறுக்கப்பட்ட வெளி. அனுமதியின்றி நுழையத் தடை.' அதில் இறக்கப்படுபவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. 'வெளி' என்றால் அவருக்குத் திறந்த இடம். மொழிபெயர்ப்பு ஆபத்தையே மறைத்துவிட்டது.

அவசரகாலத் திட்டமோ 'பாதிக்கப்பட்டவரை உடனடியாக மீட்கவும்' என்கிறது. தூக்க இறங்குபவரும் அதே வாயுவில் சாகிறார். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் நாற்றம்கூடத் தெரியாது.

இப்படி எழுதுங்கள்: 'உள்ளே விஷவாயு. நாற்றம் இல்லாவிட்டாலும் உயிர் போகும். இறங்காதீர்கள். யாராவது விழுந்தால் காப்பாற்றவும் இறங்காதீர்கள். கத்திக் கூப்பிடுங்கள். 112-ஐ அழையுங்கள்.'

'இறங்காதே' வேண்டாம். மேலாளருக்கு மரியாதை, தொழிலாளிக்கு மட்டும் ஒருமையா?

பலகையை மாட்டும் முன் அவரிடமே படித்துக் காட்டி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் திருத்த வேண்டியது பலகையை.