இரண்டு வேலை, ஒரு படிவம்

மொன்றியல் டவுன்டவுன் கொம்பனி 78,000 டொலர் தருகுது. பார்க் எக்ஸ்டென்ஷன் தொண்டு நிறுவனம் 54,000. கணக்காளர் மகள் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தாள்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு பிள்ளை? கூடினதை எடு" என்றார் அப்பா.

அவள் லப்டொப்பில் தொண்டு நிறுவனத்தின் T3010 படிவத்தைத் திறந்தாள். பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வருடாவருடம் கனடா வருமானவரி முகமைக்கு அனுப்புவது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். (வேலைக்குப் போகமுதல் எத்தனை பேர் பார்க்கினம்?) வருமானத்தில் முக்கால்வாசி அரச மானியம். கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குத்தான் காணும்.

"சம்பளம் குறைவெண்டது பிரச்சினையில்லை அப்பா. மானியம் நிண்டால் சம்பளமே இல்லை."

"அப்ப விடன்."

"கேட்டனான். இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்தாகிட்டுதாம். ஒப்பந்தத்தையும் காட்டிச்சினம். அதுக்குள்ளை படிப்புக் கடனைக் கட்டி முடிச்சிடுவன்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையைக் கிட்ட இழுத்தார்.

"மானியம் எந்த வரியில கிடக்கு? காட்டு."