குளிர்வு மாறிலியின் ± குறிக்கு யார் பொறுப்பு?

ஒரு குவளை வெந்நீர் ஆறுவதை உணரியால் பதிவுசெய்து, அடுக்குக்குறி வளைகோட்டைப் பொருத்தி, குளிர்வு மாறிலியை நான்கு இலக்கத் துல்லியத்துடன் அறிவிக்கும் வழக்கம் இளநிலை ஆய்வகப் பதிவேடு முதல் முனைவர் பட்ட ஆய்வேடு வரை பரவியிருக்கிறது. மாறிலியின் மதிப்பைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. அதன் வலப்புறத்தில் வரும் ± குறியையும் அதை ஒட்டிய சிற்றெண்ணையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். பெரும்பாலான இடங்களில் அந்த எண்ணை ஆய்வாளர் கணிப்பதில்லை. மென்பொருள் தருகிறது, ஆய்வாளர் படியெடுக்கிறார்.

பேச்சு எண்களோடு நடக்க, ஒரு மாதிரிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நீர் 80 °C-இல் தொடங்குகிறது. அறை வெப்பநிலை 28 °C. மாறிலி k நிமிடத்திற்கு 0.025. நொடிக்கு ஓர் அளவீடு வீதம் 40 நிமிடப் பதிவு, ஆக 2400 புள்ளிகள். இறுதியில் நீர் ஏறத்தாழ 47 °C-இல் நிற்கும். பொருத்திய வளைகோட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையிலான எச்சங்களின் பரவல் 0.05 °C என்போம். பைத்தானில் வழக்கமாக எழுதுவது இதுதான்:

```python
def f(t, Ta, A, k):
    return Ta + A*np.exp(-k*t)

popt, pcov = curve_fit(f, t, T, p0=[28, 52, 0.025])
perr = np.sqrt(np.diag(pcov))
```

மூன்று அளபுருக்களையும் விடுவித்துப் பொருத்தினால் `perr` தரும் விடை k = 0.02500 ± 0.00002, அதாவது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான பிழை. ஒரு குவளை, ஒரு உணரி, ஒரு மின்விசிறி ஓடும் அறை ஆகியவற்றைக் கொண்டு இவ்வளவு துல்லியம் கிடைத்துவிட்டதா என்று முதலில் வியக்க வேண்டியவர் ஆய்வாளரே.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? பிழைகளைத் தனியே கொடுக்காதபோது நிரல் எச்சங்களின் பரவலைக் கொண்டே இரைச்சலின் அளவை மதிப்பிடுகிறது. பின்னர் 2400 புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு, புள்ளிகளின் எண்ணிக்கையின் இருபடி மூலத்தால் வகுக்கிறது. இந்தச் சாராமை நம் தரவில் இல்லை. பலரும் பயன்படுத்தும் DS18B20 உணரியின் மிகச் சிறிய படி 0.0625 °C. தொடக்கத்தில் நீர் நொடிக்கு 0.02 °C அளவே குளிர்வதால் ஒரே எண் மூன்று நொடிகள் தொடர்ந்து வரும். இறுதிப் பகுதியில் ஏழெட்டு நொடிகள் வரும். இதன்மேல் நீருக்குள் எழும் வெப்பச் சுழற்சி, விசிறிக் காற்றின் ஏற்ற இறக்கம், அறையின் மெல்லிய நகர்வு ஆகியவை சேர்ந்து எச்சங்களை நிமிடக்கணக்கில் ஒரே பக்கம் சாய்த்து வைக்கின்றன. எச்சங்களின் தொடர்பு ஒரு நிமிடக் கால அளவில் அடுக்குக்குறியாகத் தேய்கிறது என்று கொண்டால், 40 நிமிடப் பதிவில் உண்மையில் சாராத அளவீடுகள் இருபதுதான். 2400 இருபதாகும்போது திட்டப் பிழை பதினொரு மடங்காகிறது. எழுத வேண்டியது 0.0250 ± 0.0002.

இதைக் கண்டறியக் கடினமான கருவி எதுவும் வேண்டாம். எச்சங்களை நேரத்திற்கு எதிரே வரைந்து, அவை எத்தனை முறை குறி மாறுகின்றன என்று எண்ணினால் போதும். சாராத 2400 எச்சங்கள் ஏறத்தாழ 1200 முறை குறி மாற வேண்டும். எண்ணிக்கை நூற்றைக்கூடத் தொடவில்லையென்றால் அந்த `perr`-ஐ அறிவிக்க எவருக்கும் உரிமையில்லை. நொடிக்குப் பத்து முறை பதிவுசெய்யும் வெப்ப இரட்டையை வாங்கி வைத்தால் மென்பொருளின் பிழை மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்; நீரைப் பற்றிய நம் அறிவு துளியும் கூடியிராது.

இரண்டாவது சிக்கல் அறை வெப்பநிலை. அதைச் சுவர் வெப்பமானியில் பார்த்து 28 என்று நிலைநிறுத்திவிட்டு, மற்ற இரண்டை மட்டும் பொருத்துவோர் பலர். இவ்வாறு செய்தால் k-இன் திட்டப் பிழை ஏழரை மடங்கு சுருங்கி 0.000003 ஆகிறது. 40 நிமிடம் என்பது ஒரே ஒரு காலமாறிலி. வளைகோடு தன் தரையை எட்டாத நிலையில் k-உம் Ta-உம் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றன. ஒன்றைக் கட்டிவைத்தால் மற்றது இறுகிப்போவது இயல்பு. ஆனால் கட்டிவைத்த எண் அரை டிகிரி தவறாக, 28.5 என்று இருந்தால்? அதே தரவு k = 0.02538 ± 0.000003 என்று விடை தரும். ஒன்றரை விழுக்காட்டுப் பிசகு, அறிவித்த பிழையைப் போல் 130 மடங்கு.

பொருத்தத்தின் படத்தில் இது தெரியுமே என்று சிலர் சொல்லக்கூடும். தெரியாது. A-உம் k-உம் சற்றே நகர்ந்து அந்த அரை டிகிரியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சும் பொருந்தாமை ஏறத்தாழ 0.02 °C, உணரியின் ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. R² வழக்கம்போல் ஒன்பதுகளாகவே இருக்கும். (குளிர்வு வளைகோட்டுக்கு R² அறிவிப்பதையே நிறுத்திவிடலாம் என்பது என் நெடுநாள் கருத்து, ஒரே சீராக இறங்கும் எந்தக் கோடும் அதில் தேறிவிடும்.)

Ta-வை நிலைநிறுத்தியே ஆக வேண்டுமென்றால், நீரை அளந்த அதே உணரியால் அறைக் காற்றையும் அளப்பது நல்லது. வளைகோட்டில் இடம்பெறுவது வெப்பநிலை வேறுபாடு மட்டுமே என்பதால், உணரிக்கே உரிய நிலையான விலக்கம் இரண்டிலும் கழிந்துவிடும். வெவ்வேறு கருவிகள் என்றால், அவற்றின் இசைவின்மையை ±0.5 °C என வைத்து, Ta-வை அவ்வளவு நகர்த்தி மீண்டும் பொருத்தி, k எவ்வளவு அசைகிறது என்பதைப் பிழையில் சேர்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இவ்வளவு செய்தும் எஞ்சுவது, மாதிரியே சரிதானா என்ற கேள்வி. நியூட்டன் 1701-இல் பெயரிடாமல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரும் இவ்விதி, வெப்பநிலை வேறுபாடு பெரிதாகும்போது பிசகுகிறது என்பதை டூலாங்கும் பெட்டியும் 1817-இலேயே அளந்து காட்டினர். மூடாத குவளையில் 80 °C நீர் ஆவியாதலால் இழக்கும் வெப்பம் வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. சூடான பகுதியில் அது வேகமாக ஏறுகிறது. எனவே முதல் 20 நிமிடத்திற்கும் அடுத்த 20 நிமிடத்திற்கும், Ta-வை அளந்த மதிப்பில் வைத்து, தனித்தனியே k காண வேண்டும். முற்பகுதியின் k தெளிவாகப் பெரிதாக இருந்தால் "அந்தக் குவளையின் குளிர்வு மாறிலி" என்ற ஒற்றை எண்ணே இல்லை. எந்த வெப்பநிலை இடைவெளிக்கு உரியது என்று சொல்லாமல் அதை அறிவிக்கக் கூடாது. மூடியிட்டு மீண்டும் செய்தால் வேறுபாடு சுருங்குகிறதா என்பதே ஆவியாதலுக்கான நேரடிச் சோதனை.

நெறியாளர்களிடமும் தேர்வாளர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. `perr` தந்த எண் மட்டும் ± இடத்தில் நிற்கும் ஏட்டைத் திருப்பி அனுப்புங்கள். ஐந்து முறை, இயன்றால் வெவ்வேறு நாள்களில், நீரை மீண்டும் நிரப்பிச் செய்து, அந்த ஐந்து k-களின் பரவலைக் கேளுங்கள். மென்பொருளின் பிழையையும் அருகில் அச்சிடட்டும், "பொருத்தத்தின் பிழை" என்ற பெயரோடு. இரண்டும் பத்து மடங்கு வேறுபடும்போது, ஏன் என்று ஒரு பத்தி எழுத மாணவரிடம் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் நான் முதலில் படிக்க விரும்புவது அந்தப் பத்தியைத்தான்.