ஒன்று மட்டும் இட்டால் போதுமா?

‘ஒருவருக்கு மட்டும் இடுங்கள்’ என்ற அறிவுரை தவறானது. கண்டியில் நூறு பேர் கொண்ட சங்கமொன்றின் தேர்தலைக் கற்பனை செய்வோம். ராஜாவுக்கு 40, மாலாவுக்கு 35, செல்விக்கு 25. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை, செல்வி நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகளில் ‘2’ என்பது மாலாவுக்கு 20, ராஜாவுக்கு 5 என்றால், மாலா 55-45 என வெல்வார். அந்த 25 பேரும் ‘1’ மட்டும் இட்டிருந்தால், பெரும்பான்மையோர் விரும்பாத ராஜாவே வெல்வார்!

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் முதலிருவர் தவிர அனைவரும் ஒரேயடியாக நீக்கப்படுகின்றனர். 2024இல் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867 வாக்குகள் சேர்ந்தன. நீக்கப்பட்டோரின் வாக்குகளோ 33 லட்சம். எஞ்சிய முப்பது லட்சம் சீட்டுகள் இறுதிப் போட்டியில் ஊமையாயின. அவற்றை ஊமையாக்கியது சட்டமன்று. இந்த அறிவுரையைப் போன்ற பழக்கமே.