சீலைக்குப் பின்னால் இருந்த கூலியில்லா வேலை: தோள்சீலைக் கலகம் ஏன் வெடித்தது?

கிருஷ்ணன்கோவிலில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சென்ற கூட்டத்தில் தோள்சீலைக் கலகத்தை எடுத்துக்கொண்டோம். பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஒரு தம்பி சொன்னான்: “அண்ணே, அது மிஷனரிகள் கிளப்பிவிட்ட சண்டைதானே? வெள்ளைக்காரன் வந்து ரவிக்கை போடச் சொன்னான், இவர்கள் போட்டார்கள், அடி விழுந்தது.” பக்கத்தில் இருந்த தங்கை அதை மறுத்தாள்: “இல்லை, அது பெண்களின் மானப் பிரச்சினை.”

இரண்டு பதில்களும் எனக்குப் போதவில்லை. இந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் வழியும் இப்போது குறைந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் சாதியையும் உடையையும் பற்றி இருந்த பகுதியிலிருந்து 2017 தேர்வுக்குக் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ அறிவித்தது. 2019இல் என்சிஇஆர்டி அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. கலகம் நடந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஏன் நடந்தது என்ற கேள்விதான் மறைக்கப்படுகிறது. அதனால் காரணத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் வாதம் இதுதான். தெற்குத் திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை நடந்தது உடைக்கான சண்டையாகத் தெரிந்தாலும், அதன் வேர் உழைப்பில் இருந்தது. யாரிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கலாம் என்பதற்கு அரசு வைத்திருந்த அடையாளம்தான் மறைக்கப்படாத தோள். அந்த அடையாளத்தை அழித்தால் ஊழியமும் போய்விடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

முதலில் அன்றைய நிலை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. பனையேறிப் பிழைத்த மக்களைச் சாணார் என்று ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. இன்று நாடார் என்கிறோம். அவர்கள் நம்பூதிரியிடமிருந்து 36 காலடி தள்ளியும், நாயரிடமிருந்து 12 காலடி தள்ளியும் நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. மேல்சாதியார் முன்னால் ஆணானாலும் பெண்ணானாலும் இடுப்புக்கு மேல் துணி இருக்கக் கூடாது. நாயர் பெண்களும் நம்பூதிரி முன்னால் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது. அதாவது இது ஒரு சாதிக்கு மட்டும் விழுந்த அவமானமாக இல்லை. மேலே இருப்பவன் முன்னால் கீழே இருப்பவர் உடலைத் திறந்து காட்ட வேண்டும் என்ற படிநிலை ஒழுங்கு அது. அந்தப் படியில் கீழே போகப்போகத் துணிக்கான இடமே இல்லாமல் போயிற்று.

இந்த ஒழுங்கோடு ஒட்டியிருந்தது ஊழியம். அரசு கூப்பிட்டால் கூலியில்லாமல் சுமை தூக்க வேண்டும், பனையோலை கொடுக்க வேண்டும், கோயில் வேலைக்கும் அரண்மனை வேலைக்கும் போக வேண்டும். அதற்கு மேல் தலைவரி, பனைவரி. 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கும்பினிக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. இதற்கு முந்தைய 1795 உடன்படிக்கையில் அது 4 லட்சம். பத்தே ஆண்டில் இரட்டிப்பான இந்தச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மன்னரும் மேல்சாதியும் மட்டும் சேர்ந்து இந்தக் கொடுமையைச் செய்தார்கள், வெள்ளை அரசு வந்து மீட்டது என்ற கதை இந்த இடத்திலேயே உடைகிறது. கப்பம் வாங்கிய கையும் அதே கும்பினியின் கைதான்.

இரண்டாவது காரணம், இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்க ஒரு சிறிய இடம் கிடைத்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்ற பறையர் தேடிப் போய்க் கூப்பிட்டதால் லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806இல் இந்தப் பகுதிக்கு வந்தார். தம்பியின் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே இருக்கிறது. மிஷன் தானாக வந்து மக்களைக் கிளப்பவில்லை. ஒடுக்கப்பட்ட ஒருவர்தான் அதைத் தேடிப் போனார். பிறகு பள்ளிகள் வந்தன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். பின்னாளில் இலங்கைக் காபித் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியவர்கள் கையில் ரொக்கம் இருந்தது. எழுத்தும் காசும் கைக்கு வந்தவரிடம் ஓசி வேலை வாங்குவது எளிதல்ல. அவர்கள் வாங்கிப் போட்ட முதல் பொருள்களில் ஒன்று மேல்துணி.

மிஷன்தான் காரணம் என்றால் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, திருநெல்வேலிச் சீமையிலும் அதே சாதி, அதே பனை. அங்கும் மிஷன்கள் இருந்தன, ஆயிரக்கணக்கானோர் மதம் மாறினார்கள், அவர்கள் மீது தாக்குதல்களும் நடந்தன. ஆனால் அங்கே தோள்சீலைக்காக நாற்பது ஆண்டுச் சண்டை நடக்கவில்லை. ஏனென்றால் கிழக்கே சாதி இருந்தாலும், இன்ன சாதிப் பெண் இன்ன துணிதான் உடுத்த வேண்டும் என்று அரசாணை போட ஆள் இல்லை. மேற்கே அந்த ஆணையை அரசே போட்டது. மிஷன் இரண்டு பக்கமும் இருந்தது. சாதி உடையைச் சட்டமாக்கிய அரசு ஒரு பக்கம்தான் இருந்தது. கலகமும் அந்தப் பக்கம்தான் வெடித்தது.

மூன்றாவது காரணம், கொடுத்துப் பறித்தது. ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் மேலுடை அணியலாம் என்று 1812-13 வாக்கில் உத்தரவிட்டார். அரசவையினர் எதிர்த்தார்கள். 1814இல் அது சுருங்கியது: சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது. பெண்கள் இரண்டையும் சேர்த்தே அணிந்தார்கள். 1822இல் கல்குளம் பகுதியில் சந்தையிலும் தெருவிலும் அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1827இல் மீண்டும் வன்முறை தொடங்கியது. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி அரசு சீலைக்குத் தடை போட்டது.

இந்த 1829 ஆணைதான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. சீலை கூடாது என்று சொன்ன அதே ஆணை, கிறிஸ்தவரானாலும் மற்றவர்களைப் போல ஊழியம் செய்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு என்றும் சொல்கிறது. துணியும் கூலியில்லா வேலையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சண்டை வெறும் ஆசாரத்தைப் பற்றியது என்றால் ஊழியத்துக்கு அங்கே என்ன வேலை?

இரண்டாவது சாட்சி அய்யா வைகுண்டர். 1830களில் சாமித்தோப்பில் அவர் தொடங்கிய இயக்கத்துக்கும் மிஷனுக்கும் சம்பந்தமில்லை. மிஷனை அவர் எதிர்த்தார். ஆனாலும் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வரச் சொன்னார். வரியையும் ஊழியத்தையும் கண்டித்தார். அரசு அவரைச் சிறையில் வைத்தது. மதம் வேறாக இருந்தும் கோரிக்கை ஒன்றாக இருந்தது. உடலை மறைக்கும் உரிமையும் உழைப்பை மறுக்கும் உரிமையும் அங்கும் சேர்ந்தே வந்தன.

மூன்றாவது சாட்சி, கடைசி வெடிப்பின் காலம். 1855 ஜூனில் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கட்டுப்பட்ட ஆள் கைவிட்டுப் போகும் பயம். 1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் அறிக்கை வந்தது. மத வழக்கங்களில் தலையிட மாட்டோம் என்ற அதன் வரியை, இனி இவர்களைக் காப்பாற்ற வெள்ளைக்காரன் வரமாட்டான் என்று மேல்சாதியார் வாசித்தார்கள். டிசம்பரில் திவான் மாதவராவ் பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று அறிவித்தார். 1859 ஜனவரி வரை ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. இம்முறை இந்துச் சாணார் பெண்களும் சீலை அணிந்தார்கள், திருப்பியும் அடித்தார்கள். சென்னை கவர்னர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26ஆம் தேதி மன்னர் உத்தரம் திருநாள் பணிந்தார்.

ஆனால் அந்த ஆணையை முழுதாகப் படியுங்கள். சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவர் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மானம்தான் பிரச்சினை என்றால் மறைத்ததோடு முடிந்திருக்கும். அடையாளம் அழியக் கூடாது என்பதுதான் கடைசி வரைக்கும் அரசின் கவலையாக இருந்திருக்கிறது. தங்கைக்கான பதில் இது. அவள் சொன்ன மானம் அந்தப் பெண்களுக்கு உண்மையானது. ஆட்சி செய்தவர்களுக்கோ அது படிநிலைக் கணக்கு.

இந்தக் கலகத்தை நங்கேலி கதையோடு சேர்த்துச் சொல்வதை நிறுத்தலாம். அது சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. ஊர் வேறு, சாதி வேறு. கல்குளத்திலும் நாகர்கோவிலிலும் நடந்ததற்குத் தேதியோடு ஆவணங்கள் இருக்கும்போது, எதிரி எளிதாக மறுக்கக்கூடிய கதையை நாம் ஏன் முன்னால் நிறுத்த வேண்டும்?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1859 ஆணை சாணார் பெண்களைப் பற்றி மட்டும் பேசியது. மிஷனை அழைத்து வந்த பறையர்களின் பெண்களைப் பற்றி அதில் பேச்சில்லை. புலையர் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிய 1915இல் அய்யன்காளி தலைமையில் பெரிநாட்டில் கூட வேண்டியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிற சிவகாசியில் 1899இல் கோயில் நுழைவுக்காகத் தாக்கப்பட்ட நாடார்களும், தாங்கள் க்ஷத்திரியர் என்ற வாதத்தோடுதான் உரிமை கேட்டார்கள். ஏணியில் ஒரு படி ஏறக் கேட்டார்கள். ஏணியை உடைக்கக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து எழும்போது அந்தத் தம்பி கேட்டான்: “அப்படியென்றால் துணிக்காகச் சண்டை போடவில்லையா அண்ணே?” துணிக்காகத்தான் போட்டார்கள் என்றேன். அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு நிற்பவளை மறுநாள் காலையில் ஊழியத்துக்குக் கூப்பிட முடியாது, அதனால்தான் கிழித்தார்கள். இன்று நம் ஊர்களில் தோள்துண்டுக்கும், செருப்புக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் ஒருவன் அடிக்கப்படும்போது, அந்தப் பொருளோடு நின்றுவிடாமல் அடித்தவன் வயலில் யார் என்ன கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.