நெடுந்தீவுக்குப் போகும் சோபாவை யாழ்ப்பாணத்திலேயே அளக்க வேண்டும்

பண்ணைப் பாலத்தால் போகும் லொறி ஊர்காவற்றுறையில் வீட்டு முற்றம்வரை செல்லும். வாங்கிய தளபாடம் வாசலுக்குள் நுழையாவிட்டால் அதே லொறியில் திருப்பி ஏற்றிவிடலாம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அந்த வசதி இல்லை. குறிகட்டுவானில் லொறியிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, மறுகரை இறங்குதுறையிலிருந்து இன்னொரு வாகனத்தில் கொண்டுபோக வேண்டும். திருப்பி அனுப்பினால் இத்தனையும் மறுபடி நடக்கும். கைமாறும் இடமெல்லாம் மூலை அடிபடும், துணியில் உப்புநீர் படும். அப்படி வந்ததைப் புதுப்பொருளாக ஏற்க எந்தக் கடைக்காரரும் தயங்குவார்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் காசு கட்டி, அந்த வாசலைக் காணாத கடைக்காரர் பொருளை அனுப்பும்போதுதான் இந்தச் சிக்கல் அதிகம். ஒரு கணக்கைப் பார்ப்போம். சோபாவின் நீளம் 84 அங்குலம், ஆழம் 36, உயரம் 34. கதவு நிலையின் உள் அகலம் 32 அங்குலம். திறந்த கதவுப் பலகை அதில் ஒன்றரை அங்குலத்தைப் பிடித்துக்கொள்வதால் மிஞ்சுவது முப்பதரை. நிமிர்த்திக் கொண்டுபோனால் நுழையாது. 6 அங்குலக் கால்களைக் கழற்றினால் உயரம் 28 ஆகும். முதுகுப்பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் வாசலைக் கடந்துவிடும்.

ஆனால் வாசலுக்கு உள்ளே 42 அங்குல அகலத்தில் குறுக்கு நடை இருந்தால், பாதி நுழைந்ததும் எதிர்ச்சுவரில் முட்டி நிற்கும். செங்குத்தாக நிறுத்தித் திருப்பலாமென்றால் 80 அங்குல உயர நிலை விடாது. ஆகவே கதவோடு, அதன் முன்னும் பின்னும் திரும்புவதற்குள்ள இடத்தையும் அளக்க வேண்டும். இந்த வீட்டுக்கு ஏற்றது தனித்தனித் துண்டுகளாக வரும் சோபா. அலுமாரியென்றால் கழற்றிப் பூட்டக்கூடியது நல்லது. சுருட்டி வரும் நுரைமெத்தை சுலபமாக நுழையும், மடங்காத ஸ்பிரிங் மெத்தைக்கு நேரான வழி வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அளவோடு தொடர்புடையதுதான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதம் மீறப்பட்டால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். ஆனால் சொன்ன அளவில், பழுதில்லாமல் வந்த சோபா வாசலுக்குள் போகவில்லை என்பது பொருளின் குறையாகாது. வாசலின் அளவை முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லி, அவருடைய தேர்வை நம்பி வாங்கியிருந்தால் வாங்கியவரின் வாதத்துக்கு வலு உண்டு. சொன்னதற்கு எழுத்துச் சான்று வேண்டும்.

எனவே தீவுகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் பொதியின் மூன்று அளவுகள், வாங்குபவர் தந்த வாசல் அளவு, நுழையாவிட்டால் படகுக்கூலி யாருடையது என்பவற்றை யாழ்ப்பாணக் கடைகள் எழுத வேண்டும். அவை எழுதப்படும்வரை முற்பணம் கட்டாதீர்கள்.