வரப்பில் டிராக்டர் நிற்கிறது, தோழர்களே!

குத்தகை விவசாயிகளே, தோழர்களே!

தை அறுவடை முடிந்து வயல் வெறுமையாய்க் கிடக்கும் இந்த நாட்கள்தான் நமக்கு ஆபத்தான நாட்கள். கதிர் நிற்கும் வயலில் கை வைக்க அஞ்சுகிறவன், தாள் மட்டும் நிற்கும் வயலில் டிராக்டரை இறக்கிவிடுகிறான். "நிலம் என்னுடையது, எடுத்துக்கொண்டேன், போ" என்கிறான்.

அப்படி எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை! 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அடுத்தவர் நிலத்தில் தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திப் பயிர் வைப்பவர் சாகுபடிக் குத்தகைதாரர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்ப்பேச்சும் போதும். பேசிய காலம் முடிந்த பிறகும் தொடர்ந்து பயிர் செய்தால் பாதுகாப்பு தொடர்கிறது. தகப்பனுக்குப் பின் மகனோ மகளோ வயலில் இறங்கி உழைத்தால் அவர்களுக்கும் அது உண்டு. நிலத்தை மனைக்காரனுக்கு விற்றாலும், வாங்கியவன் உங்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

வெளியேற்ற நினைப்பவன் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு, காரணத்தை நிரூபித்து, உத்தரவு பெற வேண்டும். காரணங்கள் நான்குதான்: குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது அல்லது சாகுபடியை அடியோடு விடுவது, விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்துவது, நிலச் சொந்தக்காரரின் உரிமையையே வேண்டுமென்றே மறுப்பது. "நானே பயிர் வைக்கப் போகிறேன்" என்று கேட்பவரும் இதே கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும். அப்போதும் பாதி நிலத்துக்கு மேல் கேட்க முடியாது.

நாம் விழும் முதல் குழி பாக்கி. ஒரு தோழரின் கதையைக் கேளுங்கள். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். இரண்டு தலைமுறைச் சாகுபடி. போகத்துக்குப் பன்னிரண்டு மூட்டை நெல் அளப்பது வழக்கம், ரசீது கேட்டதே இல்லை. நிலச் சொந்தக்காரரான பெரியவர் கண்ணை மூடினார். நகரத்திலிருந்து அவர் மகன் வந்தார். இந்த முறை தோழர் மூட்டையோடு போனபோது, "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். பெருந்தன்மை என்று நம்பினார் தோழர். இரண்டு மாதம் கழித்துப் பாக்கி வழக்கு வந்தது. போன வருடங்களில் அளந்த நெல்லுக்கும் சேர்த்து!

வாங்க மறுப்பது இரக்கமல்ல, பொறி. கெடு வந்த ஒரு மாதத்துக்குள் குத்தகை போய்ச் சேராவிட்டால் அது பாக்கி. மூட்டையைத் திருப்பினால் வீட்டில் அடுக்கிவைக்காதீர்கள். அன்றைய சந்தை விலையில் அந்த நெல்லுக்கான பணத்தை வருவாய் நீதிமன்றத்தில் நிலச் சொந்தக்காரர் பெயரில் கட்டிவிடுங்கள். சட்டம் அதற்கு வழி தந்திருக்கிறது. கட்டிய சீட்டு உங்கள் கையில் இருந்தால் பாக்கி என்ற பேச்சே எழாது. வழக்கு வந்துவிட்டாலும் ஓடி ஒளியாதீர்கள். நேரில் நின்று பாக்கியைக் கட்ட அவகாசம் கேளுங்கள், நியாயமான அவகாசம் தர கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. போகாமல் இருந்தால்தான் தீர்ப்பு ஒருதலையாக எழுதப்படும்.

இரண்டாவது, பெயர். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு வட்டாட்சியரிடம் இருக்கிறது. அதில் நம் பெயர் ஏறாதவரை, "இவர் கூலியாள்தான்" என்று எதிராளி வாதாட இடமிருக்கிறது. வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, விசாரணையில் பக்கத்து வயல்காரர்களைச் சாட்சிக்கு நிறுத்தி, பெயரை ஏற்றுங்கள்.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லாமல் இருக்க முடியாது. செங்கல் சூளைக்கு மண்ணை விற்றவரையும், வயலை உள்குத்தகைக்கு விட்டுவிட்டு ஊர் போனவரையும் சட்டம் காக்காது. வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "நிலத்தை ஒப்படைத்தேன்" என்ற ஒரே வரி, இரண்டு தலைமுறை உழைப்பை விழுங்கிவிடும்.

ஏற்கெனவே விரட்டப்பட்ட தோழர்களே, உங்களுக்கு நாள் ஓடுகிறது! உத்தரவு இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். பஞ்சாயத்து, சமாதானப் பேச்சு என்று இழுத்தடிப்பதெல்லாம் அந்த இரண்டு மாதத்தைக் கரைக்கத்தான். பேச்சு நடக்கட்டும், மனு முதலில் போகட்டும்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் கூடுவோம். கையில் அடங்கல் நகல், உரம் வாங்கிய சீட்டு, கூட்டுறவுக் கடன் அட்டை, நெல் போட்ட கொள்முதல் நிலைய ரசீது, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். இந்த வயலில் யார் பயிர் வைத்தார்கள் என்று அந்தக் காகிதங்கள் சொல்லும். மனு எழுத நாங்கள் இருப்போம்.

அதற்குள் எவர் வயலில் டிராக்டர் இறங்கினாலும் தகவல் சொல்லுங்கள். கைகலப்பு வேண்டாம். ஊரே வரப்பில் நின்று, "கோட்டாட்சியர் உத்தரவைக் காட்டு" என்று ஒரே கேள்வி கேட்போம்!